அடையாள அட்டையிலிருந்து கணக்குப் படிவம் வரை: வங்கிப் பயிலுநருக்கான செய்முறை விளக்கம்

கொழும்பில் வங்கிக் கிளையொன்றில் பயிலுநராகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே சேமிப்புக் கணக்குப் படிவங்கள் கைக்கு வந்துவிடும். திரும்பி வரும் படிவங்களில் பெரும்பாலானவை அடையாள அட்டை இலக்கம், பெயர், முகவரி ஆகிய மூன்றில்தான் தவறியிருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே, வெள்ளவத்தைக்கு மணமாகி வந்த வவுனியாப் பெண் ஒருவர் கணக்குத் திறக்க வருவதாக வைத்துக்கொண்டு, அந்த மூன்றையும் முறையாகப் பார்ப்போம். அவருக்குத் தர்ஷினி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படி 1: மூல அட்டையைக் கையில் வாங்குங்கள்

தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றில் ஒன்றை வாடிக்கையாளர் காட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையோ போட்டோகொப்பியையோ மட்டும் வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். லமினேற் செய்யப்பட்ட பழைய அட்டையென்றால் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் மட்டும் லமினேற் எழும்பியிருந்தாலோ, இலக்கத்தின் மேல் சுரண்டிய தடம் இருந்தாலோ, வாடிக்கையாளரிடம் எதுவும் சொல்லாமல் அட்டையை அதிகாரியிடம் கொண்டுபோங்கள். முகத்தை ஒப்பிடும்போது தலைமுடியையும் உடம்பின் பருமனையும் நம்ப வேண்டாம். காதின் அமைப்பும் புருவமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

படி 2: இலக்கத்தை வாசியுங்கள்

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் V அல்லது X என்ற எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் எழுத்தின்றிப் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கும். இரண்டிலும் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதும் முன்னால் நிற்கின்றன. பெண்ணென்றால் நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும்.

தர்ஷினியின் பழைய அட்டை 90574 என்று தொடங்குகிறது. ஆண்டு 1990, 574 இலிருந்து 500 ஐக் கழித்தால் 74 ஆவது நாள். இதே எண்ணோடு வந்த ஓர் அக்காவின் அட்டையில், இங்கேதான் நான் ஒருமுறை பெரிதாகச் சறுக்கினேன். கணினியில் 1990 இன் 74 ஆவது நாளைக் கேட்டபோது மார்ச் 15 என்று காட்டியது. அட்டையிலோ மார்ச் 14 என்று இருந்தது. திகதி பிழை, பத்தரமுல்லையிலுள்ள ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று, அரைநாள் லீவு போட்டு வந்திருந்த அந்த அக்காவிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த அதிகாரி, "தம்பி, பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் போட்டு எண்ணிப் பாரும்" என்றார். அட்டை இலக்கம் எல்லா ஆண்டுகளையும் 366 நாள் கொண்டதாகவே எண்ணுகிறது. அதனால் சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதலாந் திகதிக்குப் பின் பிறந்தவர்களுக்கெல்லாம் நாட்காட்டிக் கணக்கு ஒரு நாள் பிந்திக் காட்டும். மார்ச் முதலாந் திகதியில் பிறந்தவருக்கும் அப்படியே.

ஒரு துண்டுத்தாளில் இந்த எண்களை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்: ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91, மே 121, ஜூன் 152, ஜூலை 182, ஓகஸ்ட் 213, செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, டிசம்பர் 335. நாள் எண்ணுக்குக் குறைவான எண்களில் மிகப் பெரியதைக் கழித்தால் மீதி திகதியாகும். 74 இலிருந்து 60 போனால் 14. ஆகவே மார்ச் 14.

திகதி பொருந்திவிட்டதால் அட்டை உண்மையானது என்று ஆகிவிடாது. நீங்கள் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தால் பிடிபடும். கவனமின்றிச் செய்த போலியும் பிடிபடக்கூடும். கவனமாகச் செய்த போலி இந்தக் கணக்கில் தப்பிவிடும். கடவுச்சீட்டிலும் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அடையாள அட்டை இலக்கம் அச்சாகியிருப்பதால், வாடிக்கையாளரிடம் அவையும் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணினியில் புதிய வாடிக்கையாளராகப் பதிவதற்கு முன், பழைய இலக்கம், புதிய இலக்கம் இரண்டையும் இட்டுத் தேடுங்கள். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, ஆண்டுக்கும் நாளுக்கும் அடுத்து ஒரு 0 இட்டு, இறுதி எழுத்தை நீக்க வேண்டும். அப்படியானால் தர்ஷினியின் இலக்கம் 19905740 என்று தொடங்கும். இதைச் செய்யாததால் ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் இலக்கங்கள் உண்டாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு அவற்றை இணைப்பது பெரிய தலையிடி.

படி 3: பெயரை எழுதுங்கள்

தமிழர் பெயர்களில் கூடுதல் நேரம் எடுங்கள். தர்ஷினியின் பழைய அட்டையில் "சிவலிங்கம் தர்ஷினி" என்று தந்தையின் பெயரோடு இருக்கிறது, ஆங்கிலத்தில் எதுவும் இல்லை. படிவமோ ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கேட்கிறது. காதில் விழுந்தபடி DHARSHINI என்று நீங்கள் எழுதிவிட, கடவுச்சீட்டில் THARSHINY என்று இருந்தால், பின்னாளில் அவருடைய பெயருக்கு வரும் காசோலையில் சிக்கல் எழும். ஆகவே, ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டிலோ பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலோ பார்த்து எழுதுங்கள். எதுவும் இல்லையென்றால் அவரையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தரச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படிவத்தில் இடுங்கள்.

அவர் இப்போது கணவர் கஜேந்திரனின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுகிறார், கணக்கும் அப்படியே வேண்டுமென்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விவாகச் சான்றிதழைக் கேளுங்கள். ஆனால் முழுப்பெயர்க் கட்டத்தில் அடையாள அட்டையிலுள்ள பெயரையே எழுதுங்கள். மற்றப் பெயரை வேறு பெயர்களுக்கான கட்டத்தில் இடலாமா என்பதை அதிகாரி முடிவு செய்யட்டும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நீங்களாகவே தள்ளிவிடுவதும் வழக்கமான பிழைகளில் ஒன்றுதான்.

படி 4: முகவரி

அட்டையில் வவுனியா முகவரி, இருப்பதோ வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வாடகைக்கு. நிரந்தர முகவரிக் கட்டத்தில் அட்டையில் உள்ளதையும், தற்போதைய முகவரிக் கட்டத்தில் வெள்ளவத்தையையும் எழுதி, இரண்டாவதற்குச் சான்று கேளுங்கள். மின்சாரப் பட்டியல் வீட்டு உரிமையாளரின் பெயரில் வருவதால் அதுமட்டும் போதாது. வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது. இல்லையெனில் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு பட்டியலையும், அல்லது கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றையும் கேட்கலாம். எங்கள் கிளையில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பட்டியலை ஏற்பதில்லை. மாடி, வீட்டு இலக்கங்களை விட்டுவிட்டு ஒழுங்கையின் பெயரை மட்டும் எழுதினால், வங்கிக் கடிதங்கள் காவலாளியின் மேசையிலேயே கிடக்கும்.

படி 5: எஞ்சிய கட்டங்களும் கையொப்பமும்

தொழில், வருமான மூலம், மாதாந்தம் எதிர்பார்க்கும் வைப்பு ஆகியவற்றை ஊகித்து நிரப்ப வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கி இந்த விவரங்களைப் பெறுகிறது. கணக்கில் பின்னர் நடப்பவை இந்தத் தொகையோடுதான் ஒப்பிடப்படும். "குடும்பத்தலைவி" என்று மட்டும் எழுதினால் படிவம் திரும்பும். பணத்தை யார் அனுப்புகிறார், உள்நாட்டிலிருந்தா வெளிநாட்டிலிருந்தா என்பதையும் கேட்டெழுதுங்கள்.

எழுத்து பிழைத்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரே கோட்டால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் வாடிக்கையாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். பொருந்தாத கட்டங்களை வெறுமையாக விடாமல் கோடிடுங்கள். மாதிரிக் கையொப்பத்தை உங்கள் கண்முன்னேயே இடச் செய்யுங்கள்; முன்கூட்டியே வீட்டில் ஒப்பமிட்டுக் கொண்டுவந்த கையொப்ப அட்டை செல்லாது.

அடையாள அட்டையின் பிரதியில் "மூலப்பிரதி பார்க்கப்பட்டது" என்ற முத்திரையைக் குத்தலாம். அதன் கீழ் ஒப்பமிடுவதற்குப் பயிலுநருக்கு அதிகாரம் இல்லை. மூல அட்டை வாடிக்கையாளரிடம் திரும்பிப் போவதற்கு முன், படிவத்தையும் அட்டையையும் சேர்த்தே அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோங்கள்.