லாபத்தில் இருக்கும் பங்கை எப்போது விற்பது? ட்ரெயிலிங் ஸ்டாப்பா, பாதி பாதியாகவா?

என்எஸ்இ-யில் டெலிவரியாகப் பங்கு வாங்கி, சில வாரங்கள் வைத்திருந்து விற்பவர்களுக்கான பதிவு இது. இன்ட்ராடேவுக்கும் ஆப்ஷனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்டாப் லாஸ் என்றால் என்ன, ஜிடிடி ஆர்டர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கணக்கை ரிஸ்க்கில் எழுதுங்கள்

ஒரு பங்கை ₹500-க்கு 100 வாங்குகிறோம். 14 நாள் ஏடிஆர் ₹10, அதாவது அந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாகப் பத்து ரூபாய் ஆடுகிறது. ஸ்டாப்பை மூன்று ஏடிஆர் தள்ளி ₹470-ல் வைக்கிறோம். பங்குக்கு ரிஸ்க் ₹30, மொத்தம் ₹3,000. இனி லாபத்தை சதவீதத்தில் பார்க்காதீர்கள், இந்த 30-ன் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ₹560 வந்தால் 2 மடங்கு. (எண்கள் கணக்குக்காக எடுத்தவை, எந்தப் பங்கையும் மனதில் வைத்து அல்ல.)

படி 2: ட்ரெயிலிங் ஸ்டாப்பை ஷீட்டில் போடுங்கள்

ஆப்பிலேயே வரும் ட்ரெயிலிங் வசதியை நான் பயன்படுத்துவதில்லை. காலை 9:15-க்கு ஒரு நொடி விலை எகிறினாலும் அது ஸ்டாப்பைத் தூக்கிவிடும். குளோசிங் விலையை வைத்து, மாலையில் ஒருமுறை கூகுள் ஷீட்டில் கணக்குப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. B-யில் குளோசிங், C-யில் ஏடிஆர், D-யில் ஸ்டாப். D2-வில் 470 என்று கையால் அடியுங்கள். D3-ல் இது:

```
=MAX(D2, MAX(B$2:B3)-3*C3)
```

கீழே இழுத்துவிட்டால் போதும். முன்னால் இருக்கும் அந்த `MAX(D2, ...)` ஏன் என்று பலர் கேட்கிறார்கள். உச்ச குளோசிங் ₹566, ஏடிஆர் 11 என்றால் ஸ்டாப் 533. அடுத்த சில நாட்கள் பங்கு வேகமாக இறங்குகிறது, ஏடிஆர் 13 ஆகிவிடுகிறது. இப்போது 566-39 = 527. அந்த MAX இல்லாவிட்டால், விலை ஸ்டாப்பை நெருங்கும் நேரத்தில் ஸ்டாப்பும் சேர்ந்து கீழே ஓடும். அது இருப்பதால் 533 அப்படியே நிற்கும்.

படி 3: இரண்டு வழியையும் ஒரே பங்கில் ஓட்டிப் பாருங்கள்

முதல் வழி, நூறு பங்கையும் ட்ரெயிலிங் ஸ்டாப்பிலேயே விடுவது. இரண்டாவது, ₹560-ல் ஐம்பதை விற்றுவிட்டு மீதி ஐம்பதை அதே ஸ்டாப்பில் விடுவது.

பங்கு 566 வரை போய்த் திரும்பி 533-ல் ஸ்டாப் அடிக்கிறது என்று வையுங்கள். முதல் வழியில் கைக்கு ₹3,300. உச்சத்தில் திரையில் ₹6,600 தெரிந்தது, சரிபாதி போய்விட்டது. இரண்டாவது வழியில் 3,000 + 1,650 = ₹4,650.

இப்போது அதே பங்கு 566-லிருந்து 540 வரை இறங்கி, ஸ்டாப்பைத் தொடாமல் ஏறி, 700-ல் குளோஸ் ஆகிறது. ஏடிஆர் 14, ஸ்டாப் 658. அங்கே வெளியேறினால் முதல் வழியில் ₹15,800, இரண்டாவதில் ₹10,900.

ஆக, திரும்பி விழும் பங்கில் பாதி விற்பது ₹1,350 மிச்சம் பிடிக்கிறது. ஓடும் பங்கில் ₹4,900 கைவிட்டுப் போகிறது. நஷ்டத்தில் முடியும் பங்கு 560-ஐத் தொடுவதே இல்லை, அது நூறு பங்கோடும் ₹3,000-ஐ முழுதாக எடுத்துக்கொண்டு போகும். நஷ்டம் முழு அளவில், பெரிய லாபம் பாதி அளவில் என்பதுதான் பாதி விற்பதன் உண்மையான விலை. "லாபத்தை எடுத்தவன் கெட்டதில்லை" என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சிலர் நடுவழியாக, லாபம் வந்ததும் மூன்று ஏடிஆரை இரண்டாகக் குறைப்பார்கள். இதே பங்கில் 566-22 = 544. 540 வரை வந்த அந்த இறக்கத்தில் வெளியே தள்ளப்பட்டிருப்போம், 700-ஐப் பார்த்திருக்கவே மாட்டோம். அவசரமாக வெளியேறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. தூரத்தைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது மேல் என்பது என் கருத்து.

படி 4: உங்களுக்கு எது என்று உங்கள் பதிவேட்டைக் கேளுங்கள்

பழைய வர்த்தகங்களில் 2 மடங்கைத் தொட்டவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன ஸ்டாப் எத்தனை மடங்கில் வெளியேற்றியிருக்கும் என்று எழுதி, சராசரி எடுங்கள். சராசரி 2-க்கு மேல் என்றால் முழுதாக விடுங்கள், கீழே என்றால் பாதி விற்பது லாபம்.

நம் உதாரணத்தில் விழுந்த பங்கு 1.1 மடங்கில் முடிந்தது, ஓடியது ஏறக்குறைய 5.3. பத்தில் மூன்று ஓடினால் சராசரி 2.36. இரண்டுதான் ஓடின என்றால் 1.94. ஒரே ஒரு பங்கு முடிவை மாற்றிவிடுகிறது பாருங்கள், அதனால் பத்தை வைத்து முடிவு கட்டாமல் இன்னும் நிறைய சேருங்கள். சராசரி 2-ஐ ஒட்டியே இருந்தால் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, திரையில் லாபம் கரைவதைத் தாங்க முடியாதவர்கள் தாராளமாகப் பாதியை விற்கலாம்.

படி 5: ஜிடிடி போடும்போது லிமிட் விலையைக் கவனியுங்கள்

அதிகம் சிக்கும் இடம் இதுதான். ஜிடிடியில் ட்ரிகர், லிமிட் என்று இரண்டு விலை கேட்கும். ட்ரிகர் 533, லிமிட் 532 என்று ஒட்டினாற்போல் போடுவார்கள். மறுநாள் காலை பங்கு 520-ல் திறக்கிறது. ட்ரிகர் வேலை செய்யும், ஆர்டரும் போகும். ஆனால் 532 கொடுத்து வாங்க ஆளில்லை. ஆர்டர் நாள் முழுக்கத் தொங்கி, மாலையில் ரத்தாகும். உங்களிடம் பங்கும் இருக்கும், ஸ்டாப் மட்டும் இருக்காது.

லிமிட்டை 510 என்று தாழ்த்திப் போடுங்கள். 510-க்குத்தான் விற்றுவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்போது கிடைக்கும் நல்ல விலைக்கே, அதாவது 520-ஐ ஒட்டியே விற்கும். 510 வரை சம்மதம் என்று சொல்வதுதான் லிமிட். ஒரு எல்லை உண்டு: அன்றைய லோயர் சர்க்யூட்டுக்குக் கீழே லிமிட் இருந்தால் ஆர்டரே நிராகரிக்கப்படும். பங்கு சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது, எந்த ஸ்டாப்பும் உதவாது.

ஸ்டாப் ஏறும் ஒவ்வொரு மாலையும் ஜிடிடியைத் திருத்துங்கள். பாதி விற்ற அன்று எண்ணிக்கையையும் 100-லிருந்து 50 ஆக்க மறக்காதீர்கள்.

கருத்துகளில் வந்த கேள்விகளுக்காகச் சேர்த்தது

பாதி விற்றதும் ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு மாற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். 560-ல் குளோஸ் ஆகும் நாளில் ஏடிஆர் 11 என்றால் ஷீட்டே 527 காட்டும், அது ஏற்கெனவே 500-க்கு மேல். 500-க்கு மாற்றினால் ஸ்டாப்பைக் கீழே இறக்குகிறீர்கள்.

இன்னொருவருக்கு ட்ரிகர் அடித்தும் விற்கவில்லை. அவர் கணக்கில் டிடிபிஐ இல்லை. அது இல்லாதவர்கள் டிபின் போட்டு விற்பனைக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் நிராகரிக்கப்படும். ஜிடிடியை நம்பி இருப்பவர்கள் டிடிபிஐ-க்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்று, நான்கு துண்டாக விற்கலாமா என்பது அடுத்த கேள்வி. டிபி கட்டணம் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, ஒரு பங்கை ஒரு நாளில் விற்றால் ஒரு கட்டணம். நான்கு நாளில் விற்றால் நான்கு கட்டணம். சின்ன முதலீட்டில் அது உறுத்தும், இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனஸ், ஸ்ப்ளிட் வந்தால் பழைய ட்ரிகர் விலைக்கு அர்த்தமில்லை. எக்ஸ்-தேதிக்கு முந்தைய மாலை ஜிடிடியை நீக்கி, ஷீட்டின் B, C, D மூன்றையும் அதே விகிதத்தில் வகுத்துவிட்டு, புது விலையில் மறுபடி போடுங்கள்.