மாசிடோனியனா, பல்கேரியனா, செர்பியனா?

சிரிலிக் கோப்பு வந்தால் முதலில் ѓ, ќ, ѕ எழுத்துகளைத் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அது மாசிடோனியன்தான், ஏனென்றால் செர்பியனில் முதல் இரண்டின் இடத்தில் பெரும்பாலும் ђ, ћ வரும், பல்கேரியனில் இவை எதுவும் கிடையாது, அங்கே ъ, щ, я கண்ணில் படும். ѕ-ஐ ஆங்கில எஸ் தட்டித் தேடினால் சிக்காது, ѕвезда (நட்சத்திரம்) என்ற சொல்லிலிருந்து நகலெடுங்கள்.

இரண்டு வரிக் குறிப்பில் இந்த எழுத்துகள் வராமலே போகலாம். அப்போது சொல்லின் வாலைப் பாருங்கள். செர்பியனில் புத்தகம் வெறும் књига. சுட்டு விகுதி ஒட்டாது. книгата மற்ற இரண்டுக்கும் பொது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். книгава (இந்தப் புத்தகம்), книгана (அதோ அந்தப் புத்தகம்) என்றால் மாசிடோனியன், மொழிபெயர்ப்பில் அந்த 'இந்த', 'அதோ' விட்டுப்போகக் கூடாது. பல்கேரியாவின் ரோடோப்பி வட்டார வழக்கிலும் இப்படி மூன்று விகுதி உண்டு, நாட்டுப்பாடல் வந்தால் மட்டும் ஜாக்கிரதை.