மன்றத்தைக் கலைக்கும் தீர்மானம்: மினிட்ஸ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தில்லியில் எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய மன்றத்துக்கு நான் கடைசிச் செயலாளர். பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள், பெரியவர்களுக்கு நடக்க முடியவில்லை, சரி, மூடிவிடலாம் என்று ஏறக்குறைய எல்லோருமே மனதளவில் ஒப்புக்கொண்டிருந்தோம். பெரிய எதிர்ப்பு இல்லாத அந்த முடிவை ஒழுங்காகப் பதிவு செய்ய எங்களுக்கு இரண்டு பொதுக்குழுக் கூட்டங்கள் தேவைப்பட்டன. முதல் கூட்டத்தின் தீர்மானம் செல்லவில்லை. ஏன் செல்லவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள்.

தில்லியிலும் புதுச்சேரியிலும் சங்கங்கள் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டுக்கு 1975இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்துக்கும் தனியாக உண்டு. ஆகவே கீழே வரும் கணக்கு 1860 சட்டத்துக்கான கணக்கு. உங்கள் பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டம் என்று அச்சிட்டிருக்கும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கலைப்பதற்கு உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரவு தர வேண்டும் என்கிறது. அதற்கென்றே கூட்டிய பொதுக்குழுவில், நேரிலோ பதிலாள் மூலமோ வாக்களித்திருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, அந்த ஐந்தில் மூன்று பங்கு மொத்த உறுப்பினர்களில் கணக்கிடப்படுவது. கூட்டத்துக்கு வந்தவர்களில் அல்ல. எங்கள் பட்டியலில் 84 பேர். முதல் கூட்டத்துக்கு 46 பேர் வந்தார்கள், 38 பேர் ஆதரவாகக் கை தூக்கினார்கள். வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்! "பெரும்பான்மையோர் ஆதரவுடன் தீர்மானம் நிறைவேறியது" என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். எங்கள் கணக்குத் தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மொத்தம் எத்தனை பேர் சார்? அது எங்கே எழுதியிருக்கு?"

அதை நாங்கள் எழுதவே இல்லை. எழுதப் போனபோதுதான் யார் யாரை எண்ணுவது என்ற கேள்வி வந்தது. இதற்கு 15ஆம் பிரிவு விடை சொல்கிறது: மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கும் இல்லை, அவரை உறுப்பினராக எண்ணவும் கூடாது. எங்கள் 84 பேரில் 14 பேர் அப்படிப் பாக்கி வைத்திருந்தார்கள். மிச்சம் 70. அதில் ஐந்தில் மூன்று பங்கு 42. எங்களுக்குக் கிடைத்தது 38. நான்கு வாக்குகள் குறைவு.

பாக்கிப் பட்டியலைச் சரியாகத் தயாரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை இந்த எண்களே காட்டும். 14 பேரையும் சேர்த்து எண்ணியிருந்தால் 51 வாக்குகள் தேவைப்பட்டிருக்கும். அதற்காக வேண்டாதவர்களை மட்டும் பாக்கிக்காரர் என்று தள்ளிவிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே தேதி, ஒரே அளவுகோல். இன்னொன்று, சட்டம் "அந்த நேரத்தில்" பாக்கி இருப்பதைத்தான் பார்க்கிறது. இரண்டாவது கூட்டத்தன்று இரண்டு பேர் வாசலிலேயே பழைய சந்தாவைக் கட்டி ரசீது வாங்கினார்கள். எண்ணிக்கை உடனே 72 ஆனது, தேவை 44 ஆனது. எங்களுக்கு 45 கிடைத்தது. போன வாரப் பட்டியலை வைத்து 42 என்றே எழுதியிருந்தால் மினிட்ஸ் தப்பாகியிருக்கும். ஆகவே கூட்டம் தொடங்கும் நேரத்தில் பொருளாளர் ஒரு பட்டியலை மூடிக் கையெழுத்திட வேண்டும், அது மினிட்ஸுடன் இணைப்பாகப் போக வேண்டும். பதிலாள் கடிதங்களும் அப்படியே.

இரண்டாவது கூட்டத்தில் நாங்கள் எழுதிய வரிகள் இவை:

"இன்று கூட்டம் தொடங்கியபோது உறுப்பினர் பட்டியலில் 84 பேர். மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கியுள்ளோர் 12. எண்ணத்தக்க உறுப்பினர்கள் 72. கலைப்புக்குத் தேவையான வாக்குகள் 44. நேரில் வந்தோர் 40, பதிலாள் மூலம் 11. ஆதரவு 45, எதிர்ப்பு 4, வாக்களிக்காதோர் 2. தீர்மானம் நிறைவேறியது."

இதில் 'ஏகமனதாக', 'கரகோஷத்துடன்' போன்ற சொற்கள் கிடையாது. பின்னாளில் யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் அந்தச் சொற்கள் எதையும் நிரூபிக்காது. இந்த ஒன்பது எண்களை வைத்து முன்பின் தெரியாதவரும் கணக்கைக் கூட்டிச் சரிபார்க்க முடியும். கூட்ட அறிவிப்பிலும் "மன்றத்தைக் கலைப்பது பற்றி" என்று நேரடியாக இருக்க வேண்டும். 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் எடுத்த கலைப்பு முடிவு, அதற்கென்றே கூட்டிய கூட்டத்தில் எடுத்ததாகாது.

அடுத்த தவறு தேதியில் நடக்கிறது. "மன்றம் இன்றுடன் கலைக்கப்படுகிறது" என்று எழுதுவது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்கு யார் போவது, எந்தப் பதவியில் கையெழுத்துப் போடுவது? உடனே கலைக்கலாம், அல்லது கூட்டம் ஒப்புக்கொண்ட வேறொரு நாளில் கலைக்கலாம் என்று 13ஆம் பிரிவே இரண்டு வழி தருகிறது. நாங்கள் நவம்பரில் கூடி, "வரும் மார்ச் 31 முதல் கலைக்கப்படும்" என்று எழுதினோம். நிதியாண்டும் அன்று முடிவதால் ஒரே தணிக்கையில் கணக்கை மூட முடிந்தது. இடைப்பட்ட நான்கரை மாதமும் மன்றம் உயிருடன் இருந்தது. மின்கட்டணம் கட்டவும் காசோலை கொடுக்கவும் தடை இருக்கவில்லை.

அப்புறம் கலைப்பாளர், அதாவது லிக்விடேட்டர். கம்பெனிகளைப் போல இவருக்குச் சட்டமே அதிகாரம் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1860 சட்டத்தில் கலைப்பாளர் என்ற சொல்லே இல்லை. சொத்தையும் கடனையும் சங்கத்தின் விதிகளின்படி தீர்க்க வேண்டும், விதிகளில் வழி இல்லாவிட்டால் நிர்வாகக் குழு தனக்குப் பொருத்தமாகத் தோன்றியபடி செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆகவே கலைப்பாளருக்கு இருக்கிற அதிகாரம் தீர்மானத்தில் எழுதியிருக்கிற அதிகாரம் மட்டும்தான். "இன்னார் கலைப்பாளராக நியமிக்கப்படுகிறார்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் வங்கியில் அதை வைத்து எதுவும் செய்ய மாட்டார்கள். அவர்களிடம் இருக்கும் கையெழுத்து மாதிரி தலைவருடையதும் பொருளாளருடையதும்தானே.

எங்கள் தீர்மானத்தில் கலைப்பாளரின் முழுப் பெயரும் முகவரியும் இருந்தன. எந்த வங்கிக் கணக்கு, அதன் எண் என்ன, இனி யார் யார் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள், பழைய கையெழுத்து அதிகாரம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் இருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை விற்க நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரம்பும் வைத்தோம். அவருக்கு ஊதியம் உண்டா இல்லையா, இறுதி அறிக்கையை என்றைக்குள் தர வேண்டும், அவர் உடல்நலமின்றிப் போனால் பதிலுக்கு யார் என்பதும் எழுதப்பட்டது. கடைசியில் சொன்னதை நாங்கள் ஒரு மூத்த உறுப்பினர் வற்புறுத்தியதால்தான் சேர்த்தோம். பிறகு அது தேவைப்படவும் செய்தது.

சொத்து விஷயத்தில்தான் நல்ல மனிதர்களும் வழுக்குகிறார்கள். கடன்களைத் தீர்த்த பிறகு மிஞ்சுவது எதுவானாலும் உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரக் கூடாது, வேறொரு சங்கத்துக்குத்தான் தர வேண்டும் என்று 14ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பணத்தைப் பங்கு போடக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் "இத்தனை வருஷம் உழைச்சவர், அந்த ஆர்மோனியத்தை அவருக்கே ஞாபகமா கொடுத்துடலாமே" என்று அன்போடு சொல்லும்போது, அதுவும் அதே தடைக்குள் வருகிறது என்று தோன்றுவதில்லை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் மீதிப் பாதி பங்கீடுதான். உறுப்பினர் வாங்கக் கூடாது என்று இல்லை. வெளியில் இரண்டு கடைகளில் விலை கேட்டு, அதை எழுத்தில் வாங்கி வைத்து, அந்த விலைக்குக் குறையாமல் ரசீது போட்டு விற்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முன்பு ஓர் உறுப்பினர் மன்றத்துக்கு 50,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். உறுப்பினருக்குப் பணம் போகக் கூடாது என்று பயந்து அதைத் திருப்பித் தராமல் இருக்கப் பார்த்தோம். அது கடன், பழைய கணக்கில் வரவு வைத்த பதிவு இருந்தது, ஆகவே முதலில் தீர்க்க வேண்டிய வரிசையில் வந்தது. எங்கள் முடிவுக் கணக்கு இப்படி: வைப்புத்தொகை 4,10,000, பொருட்கள் விற்றது 38,500, வாடகை அறை முன்பணம் திரும்பியது 25,000, ஆக 4,73,500 ரூபாய். பணியாளர் பாக்கியும் தணிக்கைக் கட்டணமும் 62,000, அந்தக் கைமாற்று 50,000, இதர செலவு 11,500. மிச்சம் 3,50,000.

இந்த மிச்சம் யாருக்கு என்பதை "பிறகு நிர்வாகக் குழு முடிவு செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது. அதை உறுப்பினர்களின் வாக்கே தீர்மானிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கும். இங்கே கணக்கின் அடி மாறுவதைக் கவனியுங்கள்: இந்த வாக்குக்கு ஐந்தில் மூன்று பங்கு என்பது நேரிலோ பதிலாள் மூலமோ வந்திருப்பவர்களில் மட்டும். எங்கள் கூட்டத்தில் 51 பேருக்கு 31 வாக்கு போதும். ஒரே மாலையில் இரண்டு தீர்மானங்கள், இரண்டு விதமான எண்ணிக்கை. அதனால் தனித்தனியாக வாக்கெடுத்துத் தனித்தனியாக எழுத வேண்டும். பெறப்போகும் சங்கத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி, அவர்கள் ஏற்காவிட்டால் யாருக்கு என்று இரண்டாவது பெயரையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் சங்கம் வருமான வரி விலக்குப் பதிவு பெற்றது என்றால், பெறுகிற சங்கமும் அதே பதிவு பெற்றதாக இருக்கட்டும். கலைப்பு நடந்த மாத முடிவிலிருந்து 12 மாதத்துக்குள் சொத்து அப்படி மாறாவிட்டால் சேர்ந்த சொத்தின் மீது பெரிய வரி விழும்.

அரசு உங்கள் சங்கத்துக்கு எப்போதாவது மானியம் தந்திருந்தால் பழைய கோப்புகளைக் கூட்டத்துக்கு முன்பே தேடுங்கள். அரசு பங்களித்த சங்கத்தை, பதிவு செய்த மாநில அரசின் சம்மதமின்றிக் கலைக்க முடியாது.

ஏப்ரல் மாதம் கலைப்பாளரின் அறிக்கை, வங்கிக் கணக்கு மூடிய சான்று, பெற்ற சங்கத்தின் ரசீது, தீர்மானங்களின் சான்றிட்ட நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினோம். மினிட்ஸ் புத்தகங்கள் யாரிடம், எத்தனை ஆண்டு இருக்கும் என்பதையும் தீர்மானத்தில் எழுதியிருந்தோம். அவை இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, முதல் கூட்டத்தின் செல்லாத பக்கம் உட்பட.