துதிப்பாடல் தொகுப்புக்கு முன்னுரை: 'பழைய பாட்டுதானே' என்று விட்டுவிடாதீர்கள்

சிறிய துதிப்பாடல் புத்தகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முன்னுரையைக் கடைசியில், அச்சகத்துக்குக் கோப்பு போகும் முன்னிரவில்தான் எழுதுகிறார்கள். இறைவனுக்கு நன்றி, உதவிய நல்லுள்ளங்களுக்கு நன்றி, 'பல நூல்களிலிருந்து திரட்டப்பட்டவை' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் வம்பு. எந்தப் பாடலை எங்கிருந்து எடுத்தீர்கள், யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் கிடையாது.

அதிகம் நடக்கும் தவறு, ஒரு பாடலை ஒரே பொருளாக நினைப்பது. மூலச் சொற்கள், மொழிபெயர்ப்பு, மெட்டு, இசை அமைப்பு ஆகிய நான்கும் தனித்தனி ஆட்களுடையதாக இருக்கலாம். அதில் ஒன்று பொதுவுடைமை ஆகிவிட்டது என்பதால் மற்றவையும் அப்படி ஆகிவிடாது.

'ஹவ் கிரேட் தவ் ஆர்ட்' என்று உலகம் முழுக்கப் பாடப்படும் பாடலையே பாருங்கள். மூலம் கார்ல் போபெர்க் 1885இல் எழுதிய ஸ்வீடிஷ் கவிதை. அவர் 1940இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற நீண்ட கணக்கை எடுத்துக்கொண்டாலும் 2010 முடிவோடு அந்தக் கவிதையின் காப்புரிமை தீர்ந்துவிட்டது. மெட்டுக்கு அடிப்படை ஸ்வீடன் நாட்டுப்புற இசை. சரி, இத்தனை பழையது என்றால் தாராளமாக அச்சிடலாமே? அங்கேதான் சறுக்கல். நமக்குத் தெரிந்த ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டூவர்ட் ஹைன். அவர் இறந்தது 1989இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பதால், அந்த வரிகளுக்கு 2049 முடியும்வரை உரிமை உண்டு. 70 ஆண்டு கணக்குள்ள நாடுகளில் 2059 வரை.

இப்போது உங்கள் தொகுப்பில் இதன் தமிழ் வடிவம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் தமிழில் எழுதியவரிடமும் கேட்க வேண்டும், ஹைன் வரிகளின் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். ஸ்வீடிஷ் மூலத்திலிருந்து நேராக வந்திருந்தால் தமிழில் எழுதியவரின் அனுமதி போதும். ஆகவே 'மொழிபெயர்ப்பு' என்று மட்டும் முன்னுரையில் போடுவது அரைகுறை. எந்த மொழியிலிருந்து என்பதையும் சொல்லுங்கள். எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லையா? மூலத்தில் இல்லாத சரணம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைன் சொந்தமாகச் சேர்த்த சரணங்கள் தமிழில் தலைகாட்டினால், அது ஆங்கிலம் வழியாக வந்தது என்பது கிட்டத்தட்ட உறுதி.

பல நூற்றாண்டு பழைய பக்திப் பாடல்களிலும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வரும். பாடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரையும், எழுதிய ஸ்வரக் குறிப்பும் அவருடையவை. பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இவையும் சேர்ந்தே வந்துவிடும். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று முன்னுரையில் குறிப்பது இதற்காக மட்டுமல்ல, பாடபேதத்துக்காகவும்தான். சரணத்தைக் குறைத்திருந்தால், பழைய எழுத்துமுறையை மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'எங்கள் புத்தகத்தில் ஐந்து சரணம், இதில் நாலுதானே' என்று பாடுகிறவர் கேட்பார்.

அடுத்தது, அனுமதியைப் பற்றி மொத்தமாக எழுதுவது. 'உரிய அனுமதியுடன்' என்பது சொல்லாத மாதிரிதான். உரிமையாளர்கள் அனுமதி தரும்போது வரம்பு போட்டுத் தருவார்கள்: எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா, அச்சு மட்டுமா, பிடிஎஃப் உண்டா, மறுபதிப்புக்குச் செல்லுமா என்று. வழிபாட்டில் திரையில் காட்ட எடுத்த உரிமம், விற்பனைக்கு அச்சிடவும் செல்லும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. உரிமத்தின் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள், அநேகமாகச் செல்லாது. முன்னுரையில் இப்படி எழுதினால் போதும்:

'7ஆம் பாடலின் தமிழ் வரிகள், மொழிபெயர்ப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியுடன், இந்த முதற்பதிப்பின் 500 அச்சுப் பிரதிகளுக்கு மட்டும். ஆங்கில வரிகளுக்கான அனுமதி உரிமையாளரிடம் தனியே பெறப்பட்டது.'

அனுமதி கொடுத்தவர் தன் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று வாசகம் தந்திருந்தால், அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். அதை அழகுபடுத்துவது உங்கள் வேலையில்லை.

கடைசியாக, பதில் வராத கடிதங்கள். 'முயன்றும் தொடர்புகொள்ள இயலவில்லை, உரிமையாளர் பொறுத்தருள்க' என்று எழுதிவிட்டுப் பாடலைச் சேர்த்துவிடுவார்கள். பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்த வரியே சாட்சி ஆகிவிடும். 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்பதும் அப்படித்தான்: பெயர் தெரியாவிட்டாலும் உரிமை இருக்கலாம். அச்சேறும் நாளுக்குள் பதில் வராத பாடலை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேருங்கள். பதில் பிறகு வந்தால் அடுத்த பதிப்பு இருக்கவே இருக்கிறது.