ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்கள் குடி விஷயத்தில் செய்யும் தவறுகள்

“சம்சு பக்கமே போறதில்ல டாக்டர், பீர் மட்டும்தான்.” செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உள்ள கிளினிக்குகளில் இந்தப் பதிலைக் கேட்காத நாள் குறைவு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. பீரைக் குடியாகவே அவர் கணக்கில் வைப்பதில்லை, அவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி ஏற்கெனவே உள்ள கல்லீரலுக்கு இந்தக் கணக்குப் பிசகுதான் முதல் ஆபத்து.

கல்லீரலுக்குப் பெயர் தெரியாது, கிராம்தான் தெரியும். கணக்கும் சுலபம். பாட்டிலில் உள்ள மில்லிலிட்டரை மது சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் மது என்று வந்துவிடும். 320 மி.லி. டின், 5 சதவீத பீர் என்றால் சுமார் 13 கிராம். 640 மி.லி. பெரிய பாட்டில் சுமார் 26 கிராம். 40 சதவீத விஸ்கி அல்லது பிராந்தி 700 மி.லி. பாட்டில் முழுவதும் 224 கிராம். மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 75. அதாவது, சனிக்கிழமை விஸ்கியில் மூன்றில் ஒரு பங்கு குடித்தவரும், உட்கார்ந்த இடத்தில் மூன்று பெரிய பாட்டில் பீர் குடித்தவரும் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரே ஆள். வைரஸ் ஹெபடைடிஸ் உள்ளவர்களுக்கு இத்தனை கிராம் வரை பரவாயில்லை என்று நிறுவப்பட்ட அளவு எதுவும் கிடையாது. அதனால்தான் கல்லீரல் மருத்துவர்கள் ‘குறையுங்கள்’ என்று நிறுத்தாமல், ‘விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? கிருமி இருக்கும் கல்லீரலில் அழற்சி எப்போதும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். காயப்பட்ட இடத்தை ஆற்றுவதற்காகக் கல்லீரலின் நட்சத்திர வடிவ செல்கள் விழித்து நாரைச் சுரக்கின்றன. அந்த நார் சேர்ந்து சேர்ந்துதான் தழும்பாகிறது. மது உள்ளே போனால் அது அசிட்டால்டிஹைடாக மாறி, அதே செல்களை நேரடியாகத் தூண்டுகிறது. குடல் சுவரும் கசியத் தொடங்கி, குடல் பாக்டீரியாவின் நச்சுகள் ரத்தத்தின் வழியே கல்லீரலை எட்டி அழற்சியைக் கூட்டுகின்றன. இதோடு கொழுப்பும் படிகிறது. மலேசியாவில் அதிகம் காணப்படும் ஹெபடைடிஸ் சி வகையான மூன்றாம் மரபணு வகை, குடிக்காதவருக்கே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடியது. கிருமியும் மதுவும் ஒரே செல்லின் கையில் வேலை கொடுப்பதால் இரண்டும் தனித்தனியாகச் செய்யும் கேட்டைவிடச் சேர்ந்து செய்யும் கேடு பெரிது.

வேகம் எவ்வளவு மாறும் என்பதற்கு 1997-இல் பிரான்சில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இன்றும் நல்ல அளவுகோல். தழும்பை முடுக்கும் காரணங்களாக அதில் மூன்று தெரியவந்தன: 40 வயதுக்குமேல் தொற்றியது, ஆணாக இருப்பது, தினம் 50 கிராம் அல்லது அதற்குமேல் குடிப்பது. 40 வயதுக்கு முன் தொற்றிய, குடிக்காத பெண்ணுக்கு, கல்லீரல் முழுதும் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் வர நடுவாக 42 ஆண்டுகள். 40-க்குப் பின் தொற்றிய ஆணுக்கு 13. மூன்று காரணங்களில் வயதையும் பாலினத்தையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று. அந்த 50 கிராம் என்பது இரண்டு பெரிய பாட்டில் பீர்தான் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த தவறு, “ரிசல்ட் நார்மல்” என்று நிம்மதியடைவது, அல்லது கண் மஞ்சளாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது. ஏஎல்டி என்ற என்சைம் இப்போது எத்தனை செல்கள் உடைகின்றன என்பதைத்தான் காட்டும். இதுவரை சேர்ந்த தழும்பைக் காட்டாது. சிரோசிஸ் வந்த பிறகும் ஏஎல்டி இயல்பாக இருப்பவர்கள் உண்டு. மஞ்சள் காமாலையோ பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் எட்டிப் பார்க்கும். தழும்பைத் தேட வேறு கணக்கு இருக்கிறது. அதற்குத் தேவையான எண்கள் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃபிப்-4 என்பார்கள்: வயதை ஏஎஸ்டி என்ற இன்னொரு கல்லீரல் என்சைமின் அளவால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 1.45-க்குக் கீழ் வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம்.

ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். வயது 52, ஹெபடைடிஸ் சி. வேலை முடிந்ததும் தினம் ஒரு பெரிய பாட்டில், சனிக்கிழமை விஸ்கியில் பங்கு. ஏஎஸ்டி 96, ஏஎல்டி 64, பிளேட்லெட் 140. 52-ஐ 96-ஆல் பெருக்க 4992. 64-இன் வர்க்கமூலம் 8, அதை 140-ஆல் பெருக்க 1120. வகுத்தால் 4.46. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். மது ஏஎஸ்டியைத் தனியாக உயர்த்தும், பிளேட்லெட்டையும் தானே இறக்கும். ஆகவே குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இந்த ஆளுக்கே ஏஎல்டியைவிட ஏஎஸ்டி ஒன்றரை மடங்கு இருக்கிறது. ஏஎஸ்டி தூக்கலாக நிற்பது குடியின் கைவரிசையாக இருக்கலாம், முற்றிய தழும்பின் அடையாளமாகவும் இருக்கலாம்.

அவர் சில வாரங்கள் குடியை விட்டு மீண்டும் ரத்தம் கொடுக்கிறார் என்று வைப்போம். ஏஎஸ்டி 48, ஏஎல்டி 36, பிளேட்லெட் 150. கணக்கு 2.77-க்கு இறங்குகிறது. இதை ‘சரியாகிவிட்டது’ என்று படிப்பதுதான் பெரிய தவறு. 1.45-க்கும் 3.25-க்கும் நடுவில் நிற்பவருக்கு இந்தக் கணக்கால் பதில் சொல்ல முடியாது; ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்க வேண்டும். அதற்கும் குடியை விட்டபிறகே போவது நல்லது. அண்மையில் அதிகம் குடித்த கல்லீரல் வீங்கி விறைப்பாக அளக்கப்படும். சில வாரங்களில் அந்த விறைப்பில் ஒரு பகுதி இறங்கிவிடும். ஸ்கேனுக்கு முன் மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கவும் வேண்டும். பசியாறிவிட்டு நேரே போய்ப் படுத்தால் எண் ஏறிவிடும்.

இதெல்லாம் சரியாக நடக்க டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும். குடியைச் சொன்னால் மருந்து தரமாட்டார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதனால் மறைக்கிறார்கள், அல்லது “முதல்ல குடிய விட்டுட்டு வர்றேன்” என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். குடிக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் ஹெபடைடிஸ் சி சிகிச்சையை மறுக்கக்கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். மலேசிய அரசு 2017-இல் சி கிருமியை ஒழிக்கும், காப்புரிமை உள்ள சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் எடுத்து, மலிவான பொதுப்பெயர் மருந்தை அரசு மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. டக்லடாஸ்விருடன் சேர்த்துப் பொதுவாக 12 வாரம், சிரோசிஸ் இருந்தால் 24 வாரம் வரை. கிருமி வேலை ஒரு பக்கம், குடியை விடும் வேலை மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்தால் தழும்பு காத்திருக்காது.

ஹெபடைடிஸ் பி-யில் வேறொரு பழக்கம். டெனோஃபோவிர் அல்லது எண்டெகாவிர் சாப்பிடுபவர், தீபாவளி விருந்தோ கல்யாணமோ வந்தால் ‘மருந்தும் தண்ணியும் சேரக்கூடாது’ என்று அன்றைய மாத்திரையை விட்டுவிடுவார். நல்லெண்ணம்தான், விளைவுதான் தலைகீழ். மாத்திரை கிருமியை அழிப்பதில்லை, அமுக்கி வைக்கிறது. அடிக்கடி விட்டால் அது மறுபடி பெருகும். அடியோடு நிறுத்தினால் திடீர் அழற்சி கிளம்பி, தழும்பு முற்றிய கல்லீரலைச் செயலிழக்கவே வைக்கலாம். குடித்த நாளிலும் மாத்திரை போட வேண்டும். குடித்தது தனித் தவறு. மாத்திரையை விடுவதால் அது சரியாகாது. மறுநாள் தலைவலிக்கு விழுங்கும் பெனடோலிலும் கவனம் வேண்டும்: அடிக்கடி குடிப்பவர்களுக்கு 500 மி.கி. மாத்திரை நாளைக்கு நான்கு, அதாவது 2 கிராம், என்பதே பொதுவாகச் சொல்லப்படும் உச்சம். சாப்பாடே இறங்காத நாளில் அதுவும் கூடுதல்.

இனி, விடும் விதத்தில் நடக்கும் தவறு. பல ஆண்டுகளாகத் தினம் அதிகம் குடித்தவர், ரிசல்ட்டைப் பார்த்து மிரண்டு ஒரே ராத்திரியில் நிறுத்துவதை வீட்டார் மெச்சுவார்கள். ஆனால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். இது உயிரை எடுக்கக்கூடியது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரும், முன்பு விட்டபோது வலிப்பு வந்தவரும் மருத்துவமனையில் இருந்தே நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும் தையமின் வைட்டமினும் கொடுப்பார்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 999.

இதைவிட மோசமானது, குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று டைசல்ஃபிராமை வாங்கி அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது. அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரியும். அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சியைக் கொண்டுவரும். ஹெபடைடிஸ் உள்ளவருக்கு அதை ரகசியமாகக் கொடுப்பது விஷப்பரீட்சை.

கடைசியாக, கிருமி போன பிறகு. மாத்திரை முடித்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்றால் ஹெபடைடிஸ் சி குணமாகிவிட்டது என்று பொருள். அந்தச் செய்தியைக் கொண்டாட முதல் பாட்டில் திறக்கப்படுவதும் உண்டு. போனது கிருமி மட்டும்தான். அது விட்டுப்போன தழும்பு அப்படியே இருக்கிறது. மெதுவாகக் கரையக்கூடிய அந்தத் தழும்பை, தொடர்ந்த குடி கரையவிடாமல் கூட்டும். சிரோசிஸ் வரை போனவருக்குப் புற்றுநோய் ஆபத்து குணமான பிறகும் நீடிப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வரக்கூடும் என்பதால், யாருக்கு அந்த ஸ்கேன் தேவை என்பதை டாக்டர்தான் வயது, குடும்ப வரலாறு பார்த்து முடிவு செய்வார். சி கிருமி மறுபடி தொற்றவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் விரலில் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் உதவாது. அது குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள்.