சிப்ஸ் துகள்கள் அந்தரத்தில் கூர்மையாகத் தெரிய

திருகோணமலையில் மரவள்ளிச் சிப்ஸ் பொரித்து விற்கும் அக்கா ஒருவருக்கு விளம்பரப் படம் எடுத்தேன். பளிச்சென்ற நீலத் தாளுக்கு முன்னால் சிப்ஸ் விழ வேண்டும், துகள்கள் அந்தரத்தில் நிற்க வேண்டும். முதலில் எடுத்தவற்றில் துகளெல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தன. பிளாஷை முழு வலுவில் விட்டதுதான் காரணம். கமராவில் மாட்டும் சிறிய பிளாஷ், வலு கூடக்கூட அதிக நேரம் எரியும். 1/32க்குக் குறைத்தால் ஏறக்குறைய 1/10,000 நொடியில் அணைந்துவிடும். அசைவை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, பிளாஷ் எரியும் அந்தக் கணம்தான். வெளிச்சம் குறைவதால் பிளாஷைக் கிட்டக் கொண்டுவந்து, ISOவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஜன்னலை மூடி, அறை விளக்கை அணைத்து, பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் சரி, பிளாஷ் வெளிச்சம் மட்டுமே படத்தில் பதியும்.

அப்புறம், பிளாஷைப் பின்பக்கவாட்டில் வையுங்கள். துகள்களின் விளிம்பு மின்னும், சிப்ஸின் சொரசொரப்பும் எழும்பித் தெரியும். மாவு போன்ற தூளை அரித்து நீக்குங்கள், படத்தில் அது அழுக்குப் போலத்தான் இருக்கும். இங்கே கடற்காற்றின் ஈரத்தில் சிப்ஸ் சீக்கிரம் நமத்துவிடும். வெளிச்சம் சரிபார்க்கப் பழைய சிப்ஸ் போதும், புதிய பக்கற்றைக் கடைசியில் மட்டும் உடையுங்கள்.