பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

ஏற்காட்டில் ஒரு பள்ளி, கையில் ரூ. 15,000, மாணவர்கள் செய்யும் மாதிரிகள் 24 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள். ஒரு மாதிரிக்கு மூன்று பேர் என்றால் 72 மாணவர்கள். நோட்டில் பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, தொகை என்று நான்கு பத்திகள் போடுங்கள். எண்ணிக்கை இல்லாமல் "இதர செலவு 2,000" என்று ஒரு வரி வந்தால், அங்கேதான் பட்ஜெட் ஓட்டையாகிறது. எதிர்பாராத செலவுக்கு 1,500 தனியாக ஒதுக்கிவிட்டால், செலவழிக்க 13,500 இருக்கும்.

2. மாதிரிப் பொருட்கள். தெர்மாகோல், அட்டை, ஒயர், சின்ன மோட்டார் எல்லாவற்றுக்கும் மாதிரிக்கு 150 வீதம் 3,600. இதை முன்பணமாகக் கொடுக்காமல், பில் கொண்டுவந்த பிறகு கொடுங்கள். ஃபெவிகால், சார்ட் போன்ற பொதுவானவற்றைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்குவது நல்லது.

3. ஸ்டால்கள். வாடகை மேஜையைச் சேலத்திலிருந்து ஏற்றினால், கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வண்டிக்கூலியே வாடகையைத் தாண்டிவிடும். வகுப்பறை பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒரு ஸ்டால். விரிப்புத் துணி 50, பின்னால் நிற்கும் அட்டை 50, ஆக 24 ஸ்டாலுக்கு 2,400. மின்சாரம் தேவைப்படும் மாதிரிகள் எட்டு என்றால், அவற்றைச் சுவர் ஓரமாகப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும், நான்குக்கு 1,400.

4. பரிசுகள். பலரும் சறுக்குவது இங்கேதான். 6 முதல் 8 வரை ஒரு பிரிவு, 9, 10 இன்னொரு பிரிவு. மும்மூன்று பரிசு என்றால் ஆறு என்று எழுதிவிடுகிறார்கள். மேடையில் ஏறப்போவது குழு, அதாவது 18 பேர். ஒரு கோப்பையை மூன்று பிள்ளைகள் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? தலைக்கு 120 மதிப்பில் புத்தகமோ சின்ன ஷீல்டோ கொடுத்தால் 2,160. சான்றிதழ் 72 பேருக்கும் பத்து ரூபாய் வீதம் 720.

5. நடுவர்கள். ஒரு மாதிரிக்கு ஐந்து நிமிடம் என்றால் 24-க்கு இரண்டு மணி நேரம். பிரிவுக்கு 12 மாதிரி, இருவர் வீதம் நான்கு நடுவர்கள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். டீ, தட்டுவடை செட், மதியச் சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு 150. ஆனால் நான்கு பேருக்குப் போடாதீர்கள். கூட இருக்கும் ஆசிரியர்கள் இருவர், கார் ஓட்டி வந்தவர் சேர்த்து ஏழு பேருக்கு 1,050. சேலத்திலிருந்து கார் வந்துபோக 2,000.

எல்லாம் கூட்டினால் 13,330. 170 ரூபாய் மிச்சம்.

சரி, பெற்றோர் ஆசிரியர் கழகம் 12,000தான் தருகிறது என்றால்? பொருட்களிலும் பரிசிலும் கை வைக்காதீர்கள். ஏற்காட்டிலேயே இருக்கும் வேறு பள்ளி ஆசிரியர்களை நடுவர்களாக அழைத்தால் கார் செலவு இல்லை. விரிப்புக்கு வீட்டிலிருந்து பழைய வேட்டி கொண்டுவரச் சொன்னால் இன்னொரு 1,200 குறையும். அப்போது மொத்தம் 10,130. எதிர்பாராத செலவுக்கு 1,200 ஒதுக்கினாலும் இடிக்காது.